ஆறாம் பத்தியில் புதைந்த வாதம்: காங்கயம் மாட்டுக் கட்டுரை ஒன்றைப் பிரித்து அடுக்கிய முறை

தாராபுரம் வட்டாரத்தில் தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்ற பிறகும், கட்டுரைப் போட்டிக்கு எழுதும் மாணவர்கள் தங்கள் படிகளை எடுத்துக்கொண்டு என்னிடம் வருவது நிற்கவில்லை. அவர்கள் கொண்டுவரும் வாதக் கட்டுரைகளில் நான் அதிகமாகக் காணும் குறை மொழிப்பிழை அன்று. சொல்ல வந்த கருத்து கட்டுரைக்குள் இருக்கும். ஆனால் அது ஐந்தாம் பத்தியிலோ ஆறாம் பத்தியிலோ, வேறொரு செய்தியின் வாலில் ஒட்டிக்கொண்டு, எழுதியவருக்கே தெரியாமல் கிடக்கும். அப்படிப்பட்ட கட்டுரையைப் புதிதாக எழுத வேண்டியதில்லை. இருக்கும் வாக்கியங்களை இடம் மாற்றினாலே பெரும்பகுதி சீராகிவிடும். அதை எந்த வரிசையில் செய்வது என்பதை, வெள்ளகோவில் பக்கத்திலிருந்து வந்த கல்லூரி மாணவி ஒருவரின் கட்டுரையை வைத்து விளக்குகிறேன். அவருடைய ஒப்புதலோடுதான் இதை எழுதுகிறேன்.

கட்டுரையின் தலைப்பு "காங்கயம் மாடுகளைக் காப்போம்". ஏறத்தாழ 600 சொற்கள், எட்டுப் பத்திகள். "எல்லாமே எழுதிட்டனுங்க சார், ஆனா படிச்சா என்னமோ சப்புன்னு இருக்குது" என்று சொல்லித்தான் அதை நீட்டினார். அவர் கணிப்பு சரியாகவே இருந்தது.

இந்தக் குறைக்கு நம் பள்ளிப் பழக்கமே பாதிக் காரணம் என்பது என் எண்ணம். குறிப்புச்சட்டம், முன்னுரை, பொருளுரை, முடிவுரை என்று ஆறாம் வகுப்பிலிருந்து எழுதிப் பழகியவர்களுக்கு, முன்னுரை என்பது ஒரு குறளைச் சொல்லிப் பொருளைப் புகழும் இடமாகவும், தன் கருத்து என்பது முடிவுரையில் மட்டும் தலைகாட்ட வேண்டிய ஒன்றாகவும் பதிந்துவிடுகிறது. செய்திக் கட்டுரைக்கு அந்த அமைப்பு போதும். படிப்பவரை ஒரு முடிவுக்கு இணங்க வைக்க வேண்டிய கட்டுரையில், எதற்கு இணங்க வேண்டும் என்பதே தெரியாமல் அவர் ஆறு பத்திகளைக் கடக்க வேண்டியிருக்கிறது. நன்னூல் கூறும் முப்பத்திரண்டு உத்திகளில் முதலாவது "நுதலிப் புகுதல்", அதாவது சொல்லப்போவதைக் குறிப்பிட்டுவிட்டு உள்ளே நுழைதல். அதன் ஆசிரியர் பவணந்தி முனிவரைப் பெருந்துறை அருகே உள்ள சீனாபுரத்தோடு சேர்த்துச் சொல்வது கொங்குநாட்டு வழக்கம். நம் வீட்டுப் பக்கத்திலேயே இருந்த பாடத்தை நாம் குறிப்புச்சட்டத்துக்காக விட்டுவிட்டோம் என்று மாணவர்களிடம் நான் வேடிக்கையாகச் சொல்வதுண்டு.

முதல் வேலை: மைய வாதம் எது என்று கண்டுபிடித்தல்

திருத்தத் தொடங்கும் முன் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, கட்டுரையை ஒருமுறை முழுவதும் படிக்க வேண்டும். இரண்டாம் முறை படிக்கும்போது சில சொற்களை மட்டும் தேடினால் போதும். "எனவே", "ஆகவே", "உண்மையில்", "என்பதே உண்மை", "ஆனால்", "வேண்டும்", "முடியாது" ஆகியவை எங்கெங்கே வருகின்றனவோ அந்த வாக்கியங்களுக்கு அடியில் கோடிடுங்கள். தமிழில் எழுதுபவர் தம் தீர்ப்பைச் சொல்லும்போது பெரும்பாலும் இச்சொற்களில் ஒன்றைத் துணைக்கு அழைத்துக்கொள்வார். மாணவியின் கட்டுரையில் கோடிட்டவற்றுள் மூன்று வாக்கியங்கள் மைய வாதமாக இருக்கத் தகுதியுள்ளவையாகத் தோன்றின.

இரண்டாம் பத்தியில்: "காங்கயம் காளை கொங்கு மண்ணின் பெருமை என்பதை யாரும் மறுக்க முடியாது."

ஆறாம் பத்தியின் இறுதிக்கு முந்தைய வரியில்: "இவ்வாறு மேய்ச்சல் காடு போன பிறகு மாட்டை மட்டும் வைத்துக் காப்பாற்ற முடியாது என்பதே உண்மை."

எட்டாம் பத்தியில்: "எனவே நாம் அனைவரும் நாட்டு மாடுகளைக் காக்க வேண்டும்."

மூன்றில் எது மைய வாதம்? இதற்கு நான் பயன்படுத்தும் சோதனை எளிமையானது: விவரம் தெரிந்த, நல்லெண்ணமுள்ள ஒருவர் அதை மறுத்துப் பேச இடமிருக்கிறதா என்று பார்ப்பது. முதல் வாக்கியமே தன்னை யாரும் மறுக்க முடியாது என்று அறிவித்துக்கொள்கிறது. மறுப்பில்லாத இடத்தில் வாதத்துக்கு வேலையில்லை. மூன்றாவதையும் எவரும் மறுக்கப்போவதில்லை. மாட்டை அழிப்போம் என்று மேடையேறிச் சொல்பவர் இல்லை. இரண்டாவதை மறுக்க ஆளிருக்கிறது. தீவனத்தை விலைக்கு வாங்கிக் கட்டுத்தரையிலேயே வளர்த்துக்கொள்ளலாம் என்று ஒருவர் சொல்லலாம். பந்தயமும் ஜல்லிக்கட்டும் நடக்கும்வரை இனம் அழியாது என்று இன்னொருவர் சொல்லலாம். இவர்களிடம் பேசுவதற்கு மாணவியிடம் ஏதோ இருக்கிறது. ஆகவே கட்டுரையின் உயிர் ஆறாம் பத்தியில் இருந்தது.

தலைப்பையோ முடிவுரையையோ பார்த்து மைய வாதத்தைத் தீர்மானிக்கக் கூடாது என்பதை இந்த இடத்தில் சொல்லியாக வேண்டும். எழுதத் தொடங்கும்போது இருந்த எண்ணம் தலைப்பில் இருக்கும். எழுதிக்கொண்டே போகும்போது கிடைத்த எண்ணம் நடுவில் இருக்கும். பெரும்பாலும் இரண்டாவதுதான் மேலானது.

இரண்டாவது: அதை ஒரே வாக்கியமாக எழுதிப் பார்த்தல்

கண்டெடுத்த வரியை அப்படியே தூக்கி முதல் பத்தியில் வைக்க முடியாது. அது தனக்கு முன்னால் வந்த செய்திகளின் மேல் சாய்ந்து நின்ற வாக்கியம். "இவ்வாறு" என்ற சொல் எதையோ சுட்டுகிறது. சுட்டப்பட்டது கூட வராது. மேலும் அது நிலைமையைச் சொல்கிறதே ஒழிய, என்ன செய்ய வேண்டும் என்று சொல்லவில்லை. தனித்தாளில் அதை நான்கு முறை எழுதச் சொன்னேன். முதல் முயற்சி, "மேய்ச்சல் காடு இல்லாமல் மாட்டைக் காப்பாற்ற முடியாது" என்று வந்தது. எந்த மாடு, எந்தக் காடு என்று கேட்டேன். இரண்டாவதில் காங்கயமும், வேலியடைத்த மேய்ச்சல் நிலமான கொறங்காடும் வந்தன. மூன்றாவதில் "கொறங்காட்டைப் பாதுகாக்க வேண்டும்" என்று சேர்த்தார். யார், யாரிடமிருந்து என்று கேட்டபோது சற்று நேரம் யோசித்துவிட்டு, காட்டை விற்பவர் அதன் சொந்தக்கார உழவர்தான் என்றார். நான்காவது இப்படி அமைந்தது:

"காங்கயம் மாட்டினம் நிலைக்க வேண்டுமானால், காளைக்குப் பரிசு தருவதைக் காட்டிலும், கொறங்காடு வைத்திருக்கும் உழவர் அதை விற்காமல் வைத்திருப்பதற்கு ஒரு காரணத்தைத் தருவதே முதல் தேவை."

இந்த வாக்கியத்தில் மூன்று கடமைகள் இருக்கின்றன. பரிசு ஏன் போதாது என்று காட்ட வேண்டும்; கொறங்காடு மாட்டுக்கு ஏன் இன்றியமையாதது என்று காட்ட வேண்டும்; உழவருக்குத் தரக்கூடிய காரணம் எது என்று சொல்ல வேண்டும். இனிக் கட்டுரையில் எது தங்கலாம், எது போகலாம் என்பதை நானோ மாணவியோ தீர்மானிக்கத் தேவையில்லை; இந்த மூன்று கடமைகளே தீர்மானித்துவிடும்.

மூன்றாவது: எழுதிய கட்டுரைக்கு ஓரக்குறிப்பு

குறிப்புச்சட்டத்தை எழுதுவதற்கு முன் போடுவது வழக்கம். இங்கே அதைத் தலைகீழாகச் செய்கிறோம். ஒவ்வொரு பத்திக்கும் ஓரத்தில் இரண்டு குறிப்புகள் எழுத வேண்டும்: அந்தப் பத்தி என்ன சொல்கிறது என்பது ஒன்று, மைய வாதத்துக்கு அது என்ன வேலை செய்கிறது என்பது மற்றொன்று. இரண்டாவது குறிப்பை எழுத முடியாமல் பேனா நிற்கும் இடத்தில்தான் பிழை இருக்கிறது. மாணவியின் கட்டுரைக்கு எங்களுக்குக் கிடைத்த குறிப்புகள் இவை.

1. "மாடல்ல மற்றை யவை" என்ற குறளடி. மாடு என்றால் செல்வம். வேலை: இல்லை.
2. இனத்தின் தோற்றம்: கன்று செந்நிறமாகப் பிறந்து சில மாதங்களில் சாம்பல் நிறமாவது, காளையின் திமில் கருத்திருப்பது. வேலை: அறிமுகம் மட்டும்.
3. கிணற்றில் கவலை பூட்டித் தண்ணீர் இறைத்தது, ஏர் உழுதது, வண்டி இழுத்தது, பழையகோட்டைப் பட்டக்காரர் இந்த இனத்தை வளர்த்தது. வேலை: மாட்டை ஏன் வைத்திருந்தார்கள் என்பதற்குப் பதில்.
4. 2017 தை மாதப் போராட்டமும் ஜல்லிக்கட்டுச் சட்டமும். வேலை: "பரிசு போதும்" என்பவரின் தரப்பு.
5. டிராக்டரும் மின்மோட்டாரும் வந்தது. வேலை: பழைய காரணம் ஏன் மறைந்தது என்பது.
6. கொறங்காடு, அது மனையாவது, மைய வாதம், மாணவியின் அப்புச்சி, அதாவது தாய்வழித் தாத்தா, இரண்டு ஏக்கர் விற்றது. வேலை: நான்கு வேலைகள் ஒரே இடத்தில்.
7. நாட்டுப் பசும்பாலின் மருத்துவ குணம். கண்ணபுரம் மாட்டுச் சந்தைக்கு அப்புச்சியோடு போனது. வேலை: பாலுக்கு இல்லை, சந்தைக்கு உண்டு, ஆனால் இங்கே இல்லை.
8. காப்போம். வேலை: இல்லை.

குறளைப் பற்றி ஒரு வார்த்தை. அந்தக் குறள் கல்வியைப் பற்றியது; கல்வியே அழியாத செல்வம், மற்றவை செல்வமல்ல என்கிறது. மாட்டைப் புகழ வந்த கட்டுரை, "மாடல்ல" என்று தொடங்கும் அடியை முதல் வரியில் வைத்துக்கொண்டு, தன் கட்சிக்கே எதிராகச் சாட்சி சொல்ல வைத்திருந்தது. மாணவி சிரித்துவிட்டு அவரே அடித்துவிட்டார்.

பால் பற்றிய பகுதி அவ்வளவு எளிதாகப் போகவில்லை. அதற்காகத்தான் அவர் நூலகத்தில் அதிகம் உழைத்திருந்தார். உழைத்த பகுதியை வெட்டுவது யாருக்கும் கசக்கும். ஆனால் மூன்று கடமைகளில் எதற்கும் அது உதவவில்லை. நன்னூல் சொல்லும் பத்துக் குற்றங்களில் "மற்றொன்று விரித்தல்" என்பது இதுதான். வேறொரு தாளில் எழுதி எடுத்து வைத்துக்கொள்ளச் சொன்னேன். வெட்டியது தொலைந்துபோகாது என்று தெரிந்தால் வெட்டுவது எளிது.

நான்காவது: பத்திக்குள் தலைவாக்கியத்தைத் தேடுதல்

ஒரு பத்தி எதை நிறுவ வந்திருக்கிறதோ அதைச் சொல்லும் வாக்கியத்தைத் தலைவாக்கியம் என்று இங்கே குறிப்பிடுகிறேன். பெரும்பாலான பத்திகளில் அது ஏற்கெனவே எழுதப்பட்டிருக்கும். ஆனால் கடைசியில் இருக்கும். நாம் பேசும்போது விவரங்களை அடுக்கிக்கொண்டே போய், "அதனாலதான் சொல்றனுங்க" என்று முடிக்கிறோமே, அந்த நடையே எழுத்திலும் வந்துவிடுகிறது. கேட்பவர் எதிரே இருக்கும்போது அது சுவையான நடை. தாளில் படிப்பவரோ, விவரங்கள் எதற்கு என்று தெரியாமலே அவற்றைச் சுமந்துகொண்டு நடக்க வேண்டும்.

ஐந்தாம் பத்தி மூலத்தில் இப்படி இருந்தது:

"முன்பு கிணற்றில் கவலை ஏற்றிக் காளைகளைக் கொண்டு தண்ணீர் இறைத்தார்கள். பிறகு ஆயில் என்ஜின் வந்தது. அதன் பிறகு மின்மோட்டார் வந்தது. டிராக்டரும் வந்துவிட்டது. பாரம் ஏற்ற மினி லாரி இருக்கிறது. இதனால் எருதுக்கு வேலையில்லாமல் போய்விட்டது."

கடைசி வாக்கியமே தலைவாக்கியம். அதை மேலே கொண்டுவந்தால் "இதனால்" என்ற சொல் உதிர வேண்டும். விவரங்களில் சில தாமாகவே சுருங்கும்:

"உழவும் இறைவையும் பாரமும் எந்திரத்துக்குப் போனதால், எருதை வைத்திருக்க உழவருக்கு இருந்த முதல் காரணம் மறைந்துவிட்டது. கவலை இறைத்த கிணற்றில் முதலில் ஆயில் என்ஜினும் பின்னர் மின்மோட்டாரும் பொருத்தப்பட்டன. ஏர் பூட்டிய காட்டில் டிராக்டர் ஓடுகிறது. வேலை செய்யாத மாட்டை ஒருவர் வைத்திருக்க வேண்டுமானால், அதற்கு ஆகும் செலவாவது குறைவாக இருக்க வேண்டும்."

கடைசி வாக்கியம் மூலத்தில் இல்லாதது. தலைவாக்கியம் மேலே ஏறியதும் பத்தியின் அடியில் ஒரு வெற்றிடம் உண்டாகும். அங்கே அடுத்த பத்திக்கு வழி வைக்கலாம். செலவு என்ற சொல் அங்கே வந்ததால், அடுத்துக் கொறங்காடு வருவது இயல்பாகிறது. முன்பு தனித்தனியாகக் கிடந்த ஐந்தாம், ஆறாம் பத்திகளுக்கு இடையே இருந்த காரண உறவு எழுதியவருக்கே இப்போதுதான் தெரிந்தது.

ஆறாம் பத்திதான் இந்த வேலையில் கடினமானது. மூலம் இது:

"எங்கள் ஊரில் காட்டைச் சுற்றி முள்கிளுவை வேலி இருக்கும். உள்ளே கொழுக்கட்டைப்புல் வளர்ந்திருக்கும். ஆங்காங்கே வெள்வேல மரங்கள் நிற்கும். மழை பெய்தால் புல் தானாகத் தழைக்கும். வெள்வேலங்காய் மாட்டுக்குத் தீனியாகும். காட்டைத் துண்டு துண்டாகப் பிரித்து மாற்றி மாற்றி மேய விடுவார்கள். இதைத்தான் கொறங்காடு என்கிறோம். இப்போது பல கொறங்காடுகள் வீட்டுமனைகளாகிவிட்டன. இவ்வாறு மேய்ச்சல் காடு போன பிறகு மாட்டை மட்டும் வைத்துக் காப்பாற்ற முடியாது என்பதே உண்மை. என் அப்புச்சியும் இரண்டு ஏக்கரை விற்றுவிட்டார்."

இதில் மைய வாதத்தை எடுத்துவிட்ட பிறகும் இரண்டு தலைகள் மிஞ்சுகின்றன: கொறங்காடு என்ன செய்கிறது என்பதும், அது எப்படிக் கைவிட்டுப் போகிறது என்பதும். இரண்டு தலையுள்ள பத்திக்கு ஒரு தலைவாக்கியம் எழுத முயன்றால், "கொறங்காடு பயனுள்ளதாகவும் குறைந்துவருவதாகவும் உள்ளது" என்பது போன்ற வழவழப்பான ஒன்றுதான் கிடைக்கும். "உம்" கொண்டு இரண்டு செய்திகளை ஒட்டாமல் தலைவாக்கியம் எழுத முடியவில்லை என்றால், பத்தியைப் பிரிக்க வேண்டும் என்பதற்கு அதுவே அடையாளம்.

முதல் பாதிக்கு அவர் எழுதிய தலைவாக்கியம்: "மழை குறைந்த இந்த வட்டாரத்தில் தீனிக்குக் காசு போடாமல் மாடு வளர்ப்பதற்கு நம் முன்னோர் கண்ட வழி கொறங்காடு." இதற்குக் கீழே முள்கிளுவை வேலியும் கொழுக்கட்டைப்புல்லும் வெள்வேலமும் வரும்போது, அவை ஊர்க்காட்சியாக இல்லாமல் சான்றாக மாறுகின்றன. வேலி உயிருள்ளதாக இருப்பதால் கம்பிச் செலவு இல்லை. புல் மானாவாரியாகத் தழைப்பதால் பாசனச் செலவு இல்லை. மரம் நிழலும் காயும் தருகிறது. துண்டு மாற்றி மேய்ப்பதால் புல் மீண்டும் எழ நேரம் கிடைக்கிறது. ஒரே விவரங்கள்தாம், மேலே நிற்கும் வாக்கியம் மாறியதால் அவற்றின் பொருள் மாறிவிட்டது.

இரண்டாம் பாதிக்கு அவர் முதலில் எழுதியது, "கொங்குநாடு முழுவதும் கொறங்காடுகள் அழிந்துவருகின்றன." இங்கே நான் நிறுத்தினேன். அதற்குக் கீழே இருந்த சான்று என்ன? அவருடைய ஊரில் அவர் பார்த்த சில காடுகளும், அப்புச்சி விற்ற இரண்டு ஏக்கரும். கொங்குநாடு முழுவதையும் அந்த இரண்டு ஏக்கரின் மேல் ஏற்றிவைக்க முடியாது. தலைவாக்கியத்தை மேலே தூக்கும்போது அடிக்கடி நேரும் விபத்து இது: பத்தியின் தலைமை கிடைத்ததும் வாக்கியம் தன் அளவுக்கு மீறிப் பேசத் தொடங்கும். கீழே உள்ள சான்று எவ்வளவு தாங்குமோ அவ்வளவுக்கு அதைக் குறைக்க வேண்டும். "எங்கள் ஊரில் கொறங்காட்டை விற்றவர்கள் அதோடு மாட்டையும் விற்றுவிட்டார்கள்" என்று மாற்றினார். சுருங்கிய இந்த வாக்கியம் பெரியதைவிட வலுவாக இருந்தது. காட்டுக்கும் மாட்டுக்கும் உள்ள தொடர்பை, அவர் கண்ணால் கண்டதை வைத்தே அது காட்டிவிடுகிறது.

ஐந்தாவது: தலைவாக்கியங்களை மட்டும் வரிசையாகப் படித்தல்

இப்போது தலைவாக்கியங்களை மட்டும் தனித்தாளில் எழுதி, நடுவில் எதுவும் சேர்க்காமல் உரக்கப் படிக்க வேண்டும். அவை ஒரு சிறு பேச்சைப் போல ஒலித்தால் வரிசை சரி. ஓரிடத்தில் "அதற்கென்ன?" என்று கேட்கத் தோன்றினால், அங்கே ஏதோ இடம் மாறியிருக்கிறது, அல்லது இல்லாமலே இருக்கிறது.

நான்காம் பத்தியின் இடம் இந்தச் சோதனையில்தான் தெரிந்தது. 2017 சனவரியில் மெரினாவிலும் தமிழகமெங்கும் நடந்த போராட்டமும், அதையடுத்துச் சட்டமன்றம் நிறைவேற்றிய திருத்தச் சட்டமும், 2023 மே மாதத்தில் உச்ச நீதிமன்றம் அச்சட்டத்தை ஏற்றதும் அவர் கட்டுரையில் வெற்றிக் கதையாகச் சொல்லப்பட்டிருந்தன. மூலத்தில் அது டிராக்டருக்கு முன்னால் இருந்ததால், படிப்பவர் மனத்தில் சிக்கல் எழும் முன்பே அது தீர்ந்துவிட்டது. மைய வாதத்தின் பார்வையில் அது எதிர்த்தரப்பின் மிக வலுவான சான்று. எனவே அது கொறங்காட்டுப் பத்திகளுக்குப் பின்னால் போக வேண்டும்; தலைவாக்கியமும் அதற்கேற்பத் திரும்ப வேண்டும். "ஜல்லிக்கட்டும் ரேக்ளாவும் காளைக்கு மதிப்பைத் திருப்பித் தந்தன; ஆனால் அந்த மதிப்பு, காளையை ஈனும் பசுவுக்கும் அது மேயும் காட்டுக்கும் போய்ச் சேரவில்லை" என்று எழுதினார். ரேக்ளாவைச் சேர்க்கச் சொன்னது நான். நம் பக்கத்தில் காங்கயம் காளையை அதிகம் பார்ப்பது வாடிவாசலில் அல்ல, ரேக்ளா வண்டியில்தான். உள்ளூர் நடுவர் ஒருவர் அதை எதிர்பார்ப்பார்.

எதிர்த்தரப்பின் சான்றை முன்னால் வைப்பதா பின்னால் வைப்பதா என்பதற்குப் பொதுவிதி இல்லை. படிப்பவர் அந்த மறுப்பை மனத்தில் ஏந்திக்கொண்டே கட்டுரைக்குள் நுழைவார் என்று தெரிந்தால், முன்னாலேயே எடுத்துப் பேசிவிடலாம். இங்கே கொறங்காடு என்றால் என்ன என்றே பலருக்குத் தெரியாது என்பதால், அதை விளக்கிய பிறகு மறுப்பை வைப்பது மேல் என்று முடிவு செய்தோம்.

அடுத்துத்தான் கட்டுரையின் உண்மையான ஓட்டை தெரிந்தது. தலைவாக்கியங்களை வரிசையாகப் படித்து முடித்ததும் மாணவி சொன்னார்: "காரணம் தரணும்னு மேல சொல்லியிருக்கறனுங்க, கீழ எங்கயுமே தரலீங்களே." மூன்றாவது கடமை நிறைவேறவில்லை. "காப்போம்" என்ற முடிவுரை அந்த ஓட்டையை இத்தனை நாள் மூடி வைத்திருந்தது. வாக்கியங்களை இடம் மாற்றுவதால் இல்லாத ஒன்று உண்டாகாது. இந்த முறையின் எல்லை இது. அவர் ஒரு பத்தியைப் புதிதாக எழுத வேண்டியிருந்தது. கொறங்காட்டை மேய்ச்சலுக்கே வைத்திருப்பவருக்கு ஏக்கர் கணக்கில் ஆண்டுதோறும் ஓர் ஊக்கத்தொகை, முள்கிளுவை வேலியைப் புதுப்பிக்கக் கூலி உதவி ஆகிய இரண்டை மட்டும் எடுத்துக்கொண்டு, மனை விலைக்கு இத்தொகை ஈடாகாது என்பதையும் ஒப்புக்கொண்டு எழுதினார். விற்க வேண்டிய நெருக்கடியில் இருப்பவரை இது தடுக்காது. விற்கலாமா என்று தயங்குபவரைத் தடுக்கலாம் என்று அவர் வகுத்துக் காட்டியது எனக்குப் பிடித்திருந்தது.

ஆறாவது: தொடக்கமும் மைய வாதம் அமரும் இடமும்

மைய வாதம் மேலே வர வேண்டும் என்றால், அது முதல் வாக்கியமாகத்தான் வர வேண்டும் என்று பொருளல்ல. போட்டிக் கட்டுரைக்கு முதல் பத்தியின் இறுதி நல்ல இடம். அதற்கு முன் வரும் நான்கைந்து வரிகள், அந்த வாதம் எந்தக் கேள்விக்கு விடையோ அந்தக் கேள்வியை எழுப்ப வேண்டும். குறள் அதைச் செய்யவில்லை. ஏழாம் பத்தியில் பாலுக்கு அடியில் கிடந்த சந்தை நிகழ்ச்சி அதைச் செய்தது:

"சித்திரையில் கண்ணபுரம் மாட்டுச் சந்தைக்கு அப்புச்சியோடு போயிருந்தேன். எங்கள் பசுவைக் கேட்டு வந்தவர் பல்லைப் பார்த்தார், சுழியைப் பார்த்தார், விலையும் சொன்னார். அப்புச்சி அவரிடம் ஒன்றே ஒன்று கேட்டார்: 'மேயறதுக்குக் காடு எத்தனை ஏக்கர் வெச்சிருக்கறீங்க?' காடு இல்லை என்று அவர் சொன்னதும் விலையைப் பற்றிப் பேச்சே எழவில்லை."

இதற்கு நேர்கீழே மைய வாதம் வந்தால் போதும், முன்னுரை முடிந்தது. மாட்டைக் கொடுக்கும் முன் காட்டைப் பற்றி ஒருவர் ஏன் கேட்கிறார் என்று படிப்பவர் வியக்கும்போதே விடை வந்துவிடுகிறது. ஒரு நிகழ்ச்சி சுவையாக இருக்கிறது என்பதற்காக அதைத் தொடக்கத்தில் வைக்கக் கூடாது; அதைக் கேட்டவுடன் எழும் கேள்வியும் உங்கள் மைய வாதமும் பொருந்துகின்றனவா என்று பார்த்தே வைக்க வேண்டும்.

முதல் பத்திக்கு ஏறிய மைய வாதத்தை ஆறாம் பத்தியிலிருந்து நீக்க மறந்துவிடுவது பலரும் செய்யும் தவறு. வெட்டி ஒட்டாமல் படியெடுத்து ஒட்டினால், கூறியது கூறலாகிவிடும். பழைய இடத்தில் அந்த வரியை அடித்துவிட்டதை உறுதி செய்துகொண்ட பிறகே அடுத்த வேலைக்குப் போக வேண்டும்.

கடைசி வேலை: சுட்டுச்சொற்களைச் சீர்செய்தல்

வாக்கியங்கள் இடம் மாறியதும் அவற்றிலுள்ள சுட்டுகள் பழைய அண்டை வீட்டாரையே கூப்பிட்டுக்கொண்டிருக்கும். "இது", "இதனால்", "இத்தகைய", "இவ்வாறு", "மேற்கூறிய", "அவர்கள்" ஆகிய ஒவ்வொன்றிலும் விரல் வைத்து, எதைச் சுட்டுகிறது என்று கேட்க வேண்டும். முந்தைய வாக்கியத்திலேயே விடை இல்லை என்றால், சுட்டை எடுத்துவிட்டுப் பெயரையே எழுதுங்கள்.

சுட்டைவிட எளிதில் கண்ணுக்குத் தப்புவது "உம்" என்ற இடைச்சொல். "என் அப்புச்சியும் இரண்டு ஏக்கரை விற்றுவிட்டார்" என்ற வாக்கியம், முன்பே விற்ற சிலரைப் பற்றிய பேச்சுக்குப் பின்னால் வரும்வரை சரி. புதிய வரிசையில் அது பத்தியின் முதல் சான்றாக வந்தபோது, "அப்புச்சியும்" என்றால் வேறு யார் என்று கேட்கத் தோன்றியது. "என் அப்புச்சி" என்று மாற்ற வேண்டியிருந்தது. "தான்", "கூட" ஆகியவற்றுக்கும் இதே சோதனை பொருந்தும். அடுத்து, கொறங்காடு என்ற சொல் இப்போது முதல் பத்தியிலேயே மைய வாதத்துக்குள் வந்துவிடுவதால், அதன் விளக்கம் நான்காம் பத்திவரை காத்திருக்க முடியாது. "வேலியடைத்த மேய்ச்சல் நிலமான கொறங்காடு" என்று ஓர் அடைமொழியை முதலிடத்தில் சேர்த்தோம். விரிவான விளக்கம் தன் இடத்திலேயே இருந்துகொண்டது.

இரண்டாம், மூன்றாம் பத்திகளைப் பற்றி நீளச் சொல்ல ஒன்றுமில்லை. தோற்றத்தைப் பற்றிய செய்திகளை இரண்டு வரியாக்கி, இனத்தின் பழைய உழைப்பைச் சொல்லும் பத்தியின் தலையில் வைத்தோம். பட்டக்காரர் பற்றிய குறிப்பு ஒரு வரியாகத் தங்கியது.

முடிவுரையில் "காப்போம்" போன பிறகு என்ன வைப்பது என்று மாணவி கேட்டார். மைய வாதத்தை வேறு சொற்களில் திரும்பச் சொல்லலாமா என்பது அவர் ஐயம். ஏழு பத்தியே உள்ள கட்டுரையில் படிப்பவர் அதற்குள் மறந்திருக்க மாட்டார் என்றேன். ஊக்கத்தொகைப் பத்தியையே கடைசியாக விட்டு, அதன் இறுதியில் அப்புச்சியைப் பற்றி மேலும் ஒரு வாக்கியம் சேர்த்துக்கொண்டார்: "விற்றது போக மீதமுள்ள நான்கு ஏக்கரின் வேலியை இந்த ஆண்டும் அவர் அடைத்திருக்கிறார், அடுத்த ஆண்டு அடைப்பாரா என்று நான் இன்னும் கேட்கவில்லை."

அந்த வாக்கியத்தில் நான் கைவைக்கவில்லை.